ஏன் பிடித்தது என்று சொல்லுங்கள்

"படித்ததில் பிடித்தது" என்ற தலைப்போடு வாட்ஸ்அப்பில் வந்து விழும் கட்டுரைகளில் இரண்டு விஷயங்கள் வழக்கமாக இருப்பதில்லை. எழுதியவர் பெயர் ஒன்று. அனுப்பியவருக்கு அது ஏன் பிடித்தது என்பது மற்றொன்று. பெயர் காணாமல் போவதைப் பற்றி எழுத்தாளர்கள் அவ்வப்போது கோபப்படுகிறார்கள்; நியாயமான கோபம்தான். இரண்டாவது குறையை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் மற்றவர்கள் எழுதியவற்றிலிருந்து வாரம் ஒருமுறை நாலைந்தைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றின் கீழும் சில வரிகள் எழுதி, சுட்டியோடு வாசகர்களுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களுக்கு வேலையே அந்த இரண்டாவதுதான்.

பார்ப்பதற்கு எளிதான வேலை. சொந்தமாக ஒன்றும் எழுத வேண்டாம், படித்ததை அடுக்கினால் போதும் என்று ஆரம்பிப்பவர்கள் அதிகம். சில வாரங்களில் அது வெறும் சுட்டிப் பட்டியலாகிவிடுகிறது. பட்டியலை யாரும் இரண்டாவது வாரம் திறப்பதில்லை. ஒரு சுட்டியின் கீழ் எழுதப்படும் ஐந்தாறு வரி எப்போது வாசகருக்கு உண்மையிலேயே பயன்படுகிறது, எப்போது வெறும் அலங்காரமாகிவிடுகிறது என்பதைப் பார்ப்போம்.

அச்சுக் காலத்தில் தொகுப்பவரின் வேலை வேறாக இருந்தது. அமெரிக்காவில் 1922-ல் தொடங்கிய ரீடர்ஸ் டைஜஸ்ட் மற்ற இதழ்களில் வந்த கட்டுரைகளைச் சுருக்கிக் கொடுத்தது. தமிழில் 1947-ல் கலைமகள் நிறுவனத்தார் தொடங்கிய மஞ்சரி, தி.ஜ.ர.வின் ஆசிரியப் பொறுப்பில் அந்த வகை இதழாக வளர்ந்தது. அன்றைக்கு ஒரு சிற்றூர் ஆசிரியருக்கு லண்டனிலோ கல்கத்தாவிலோ அச்சான இதழ் கைக்குக் கிடைக்க வழியே இல்லை. அந்தக் கட்டுரையைச் சுருக்கித் தமிழில் தருவதே பெரிய சேவை. மூலம் எட்டாத இடத்தில் இருந்ததால் சுருக்கத்துக்கு மதிப்பு இருந்தது.

இன்று மூலம் ஒரு விரல் தட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆகவே சுருக்கம் மட்டும் தருகிற குறிப்பு இரண்டு பக்கமும் நட்டம் செய்கிறது. கட்டுரையைப் படிக்கப் போகிறவருக்கு அது தேவையில்லை. எப்படியும் படிக்கத்தான் போகிறார். படிக்க நேரமில்லாதவர் சுருக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறார்; மூல எழுத்தாளருக்கு வர வேண்டிய ஒரு வாசகர் பாதி வழியில் நின்றுவிடுகிறார். சுருக்கத்துக்கு அப்பால் என்ன தரலாம் என்பதுதான் கேள்வி. அதற்கு இருவர் இரண்டு வகையில் வழி காட்டியிருக்கிறார்கள்.

முதலாமவர் டெனிஸ் டட்டன். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் தத்துவம் கற்பித்தவர். 1998-ல் 'ஆர்ட்ஸ் அண்ட் லெட்டர்ஸ் டெய்லி' என்ற இணையதளத்தைத் தொடங்கினார். தோற்றம் பதினெட்டாம் நூற்றாண்டுச் செய்தித்தாள் மாதிரி. படங்கள் குறைவு. கட்டுரைகள், புதிய புத்தகங்கள், கருத்துகள் என்று நெருக்கமான பத்திகள். ஒவ்வொரு சுட்டிக்கும் இரண்டு மூன்று வாக்கியம்தான். ஆனால் அந்த வாக்கியங்கள் கட்டுரையைப் பற்றிப் பேசுவதில்லை, கட்டுரை எழுப்பும் சண்டையைப் பற்றிப் பேசும். கட்டுரையாளர் என்ன கேட்கிறாரோ அதே கேள்வியை நறுக்கென்று வாசகர் முன் வைத்துவிட்டு, பதிலைச் சொல்லாமல் விலகிக்கொள்ளும். டட்டன் 2010-ல் இறந்தார். தளம் அதற்கு முன்பே அமெரிக்காவின் உயர்கல்வி இதழான 'கிரானிக்கிள் ஆஃப் ஹயர் எஜுகேஷன்' கைக்குப் போய்விட்டது. இன்றும் அதே வடிவில் வருகிறது. டட்டன் வழியின் சிறப்பு, வாசகரை உள்ளே இழுப்பது. அதன் எல்லையும் அதுவே. குறிப்பைப் படித்துவிட்டுச் சுட்டியைத் தட்டாமல் போகிறவரின் கையில் ஒன்றும் மிஞ்சாது.

இரண்டாமவர் சைமன் வில்லிசன். ஜாங்கோ என்ற மென்பொருள் கட்டமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவர். பல ஆண்டுகளாக மற்றவர்கள் எழுத்துக்குச் சுட்டி கொடுத்துக் குறிப்பு எழுதிவருகிறார். 2024 டிசம்பரில் தன் முறையை விளக்கி ஒரு கட்டுரையே எழுதினார். படைத்தவரின் பெயரை எப்போதும் சொல்லிவிட வேண்டும் என்பதும், சுட்டியோடு நம் பங்காகச் சிறிதாவது சேர்க்க வேண்டும் என்பதும் அதன் சாரம். மூலத்தை ஏற்கெனவே படித்துவிட்டவருக்கும் குறிப்பில் புதிதாக ஏதாவது இருக்க வேண்டும். மூலத்தைப் படிக்காமல் போகிறவருக்கும் நேரம் வீணாகியிருக்கக் கூடாது. இது டட்டன் வழியைவிடக் கடினம். எனக்குப் பிடித்ததும் இதுதான். டட்டன் மாதிரி எழுத நல்ல கை வேண்டும். வில்லிசன் மாதிரி எழுத அந்த விஷயத்தைப் பற்றி நமக்கே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பேசிக்கொண்டே போனால் பிடிபடாது. ஒரு கட்டுரையை எடுத்துக்கொண்டு அதற்குக் குறிப்பு எழுதிப் பார்ப்போம்.

நியூயார்க்கர் இதழில் 2015 ஜூலையில் கேத்ரின் ஷுல்ஸ் எழுதிய 'தி ரியலி பிக் ஒன்' என்ற கட்டுரை. அமெரிக்காவின் வடமேற்குக் கரையோரம், கலிபோர்னியாவின் வடகோடியிலிருந்து கனடாவின் வான்கூவர் தீவு வரை, கடலுக்கு அடியில் ஒரு புவித்தட்டு இன்னொன்றின் கீழ் செருகிக்கொண்டிருக்கிறது. கஸ்கேடியா என்று அந்த இடத்துக்குப் பெயர். அங்கே மாபெரும் நிலநடுக்கமும் சுனாமியும் வரக்கூடும் என்பதுதான் கட்டுரை. அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது. வெளியான வாரத்தில் அமெரிக்கா முழுக்கப் பகிரப்பட்டது. பெரும்பாலும் எப்படிப் பகிர்ந்திருப்பார்கள் என்பதை ஊகிப்பது கஷ்டமில்லை:

"கட்டாயம் படிக்க வேண்டிய கட்டுரை. மிரண்டுபோய்விட்டேன்!"

இதில் தகவல் ஒன்றே ஒன்று: எழுதியவர் மிரண்டுபோனார். இதே வரியை ஒரு கொலை வழக்குக் கட்டுரையின் கீழும் வைக்கலாம், பங்குச்சந்தைக் கட்டுரையின் கீழும் வைக்கலாம். குறிப்பு எழுதி முடித்ததும் நான் செய்துபார்க்கும் முதல் சோதனை இதுதான். தலைப்பை மறைத்துவிட்டுக் குறிப்பை மட்டும் படித்தால் அது வேறு எந்தக் கட்டுரைக்காவது பொருந்துகிறதா? பொருந்தினால் அது இன்னும் குறிப்பாகவில்லை. "அருமை", "ஆழமான அலசல்", "சிந்திக்க வைக்கிறது" எல்லாம் இந்தச் சோதனையில் முதல் சுற்றிலேயே விழுந்துவிடும்.

அடுத்த நிலை இப்படி இருக்கும்:

"கஸ்கேடியா என்ற பகுதியில் பெரிய நிலநடுக்கம் வரும் ஆபத்து இருப்பதை இக்கட்டுரை விளக்குகிறது. 1700-ல் அங்கே ஒரு பெரிய நிலநடுக்கம் நடந்திருக்கிறது. அடுத்த ஐம்பது ஆண்டுகளில் பெரிய நிலநடுக்கத்துக்கான வாய்ப்பு மூன்றில் ஒன்று என்றும், மிகப் பெரியதற்கான வாய்ப்பு பத்தில் ஒன்று என்றும் விஞ்ஞானிகள் கூறுகிறார்கள். அரசு தயாராக இல்லை என்கிறார் ஆசிரியர்."

தவறில்லை. எல்லாம் கட்டுரையில் உள்ளதுதான். ஆனால் அத்தனையும் கட்டுரையில் இருக்கிறது என்பதே இதன் குறை. தேர்ந்தெடுத்தவர் இங்கே இல்லை. அவர் யார், தன் வாசகருக்கு ஏன் இதைக் கொடுக்கிறார், மற்ற நூறு கட்டுரைகள் இருக்க ஏன் இது என்ற கேள்விகளுக்குப் பதில் இல்லை.

மூன்றாவது குறிப்பை எழுதுவதற்கு முன் சில வேலைகள் உண்டு. முதலில் கட்டுரையை முழுக்கப் படிக்க வேண்டும். இதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் முதல் நாலு பத்தியைப் படித்துவிட்டுப் பரிந்துரை செய்வது இந்தத் தொழிலில் மிகச் சாதாரணம். எளிதில் கண்டுபிடித்தும் விடலாம்: குறிப்பில் வருவதெல்லாம் கட்டுரையின் முதல் திரைக்குள் இருக்கும். ஷுல்ஸின் கட்டுரை பயமுறுத்தும் காட்சிகளுக்காகப் பேர் பெற்றது. ஆனால் அதன் உயிர் நடுப்பகுதியில் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலக் கரையோரம் ஓர் ஆற்றங்கரையில் செடார் மரங்கள் கூட்டமாகச் செத்து நிற்கின்றன. அவற்றின் வளைய அடுக்குகளை ஆராய்ந்த பிரையன் அட்வாட்டர், டேவிட் யமகுச்சி என்ற இருவர், 1699 ஆகஸ்டுக்கும் 1700 மே மாதத்துக்கும் இடையில் அத்தனை மரங்களும் ஒரே வீச்சில் மடிந்தன என்று கண்டார்கள். கடலின் மறுகரையில், ஜப்பானின் பழைய ஏடுகளில், 1700 ஜனவரி கடைசியில் நிலம் அதிராமலேயே ஒரு சுனாமி வந்ததாகப் பதிவு இருக்கிறது. தாயில்லாத சுனாமி என்று அதைச் சொன்னார்கள். இரண்டையும் பொருத்தியபோது, எழுத்து வடிவப் பதிவே இல்லாத ஒரு கரையில் நடந்த நிலநடுக்கத்தின் நாளும் ஏறக்குறைய நேரமும் கிடைத்துவிட்டன: 1700 ஜனவரி 26, இரவு ஒன்பது மணிவாக்கில்.

அடுத்த வேலை, அந்தக் கட்டுரைக்குப் பிறகு என்ன நடந்தது என்று பார்ப்பது. திருத்தம் வந்ததா, மறுப்பு வந்ததா, தொடர்ச்சி வந்ததா? ஷுல்ஸ் விஷயத்தில் வந்தது. கட்டுரையில் பேரிடர் நிர்வாக அதிகாரி ஒருவர், குறிப்பிட்ட ஒரு நெடுஞ்சாலைக்கு மேற்கே எல்லாமே தீர்ந்துவிடும் என்ற பொருளில் பேசியிருந்தார். அதைப் படித்து மக்கள் கலங்கிப்போனார்கள். சில நாட்களில் ஷுல்ஸே இன்னொரு கட்டுரை எழுதி, அந்த வாக்கியத்தை எப்படிப் புரிந்துகொள்ள வேண்டும், அதிர்வின் ஆபத்து எங்கே, சுனாமியின் ஆபத்து எங்கே, வீட்டில் இருப்பவர் செய்யக்கூடியது என்ன என்று விளக்கினார். முதல் கட்டுரைக்குச் சுட்டி கொடுத்துவிட்டு இரண்டாவதைச் சொல்லாமல் விட்டால் நாம் பீதியை மட்டும் பகிர்ந்தவர்களாவோம்.

பிறகு மூல ஆதாரத்தைத் தேட வேண்டும். அட்வாட்டரும் ஜப்பானிய, அமெரிக்க ஆய்வாளர்கள் சிலரும் சேர்ந்து 'தி ஆர்ஃபன் சுனாமி ஆஃப் 1700' என்று ஒரு நூலே எழுதியிருக்கிறார்கள். 2005-ல் வந்தது. அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் வெளியீடு என்பதால் இணையத்தில் இலவசமாகவே படிக்கலாம். ஜப்பானிய ஏடுகளின் பக்கங்கள் படங்களாகவே அதில் இருக்கின்றன. பத்திரிகைக் கட்டுரையின் அடியில் இருக்கும் இப்படிப்பட்ட வேரைத் தோண்டி எடுத்துக் கொடுப்பது, தொகுப்பவர் வாசகருக்குச் செய்யக்கூடிய மிக உருப்படியான உதவி. தேடுவதற்குப் பத்து நிமிடம் ஆகலாம். அந்தப் பத்து நிமிடத்தை வாசகர்கள் யாரும் தனித்தனியாகச் செலவழிக்கப் போவதில்லை.

கடைசியாக, என் வாசகருக்குத் தெரிந்தது, ஷுல்ஸுக்குத் தெரியாதது அல்லது அவருக்குத் தேவைப்படாதது ஏதாவது உண்டா? உண்டு. தமிழ் வாசகருக்கு 2004 டிசம்பர் 26 இருக்கிறது. சுமத்ராவுக்கு அருகிலும் ஒரு தட்டு இன்னொன்றின் கீழ் செருகும் இடம்தான் உடைந்தது. ஆனால் நம் கரை உடைப்புக்கு எதிர்ப்புறம், வெகு தூரத்தில் இருந்தது. நில அதிர்வு இங்கே சிலருக்கு லேசாகத் தெரிந்திருக்கலாம்; கடல் உள்ளே வந்ததோ சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து. 1700-ல் ஜப்பானியர் இருந்த அதே நிலையில் நாகப்பட்டினத்தார் இருந்தார்கள். கஸ்கேடியாக் கரையில் இருப்பவர்களின் நிலை இதற்கு நேர்மாறு.

இனி குறிப்பை எழுதலாம்:

"கேத்ரின் ஷுல்ஸ், 'தி ரியலி பிக் ஒன்', நியூயார்க்கர், ஜூலை 2015. ஆங்கிலம், நீண்ட கட்டுரை, சந்தா கேட்கக்கூடும்.

அமெரிக்க வடமேற்குக் கரையை ஒரு நாள் விழுங்கப்போகும் சுனாமியைப் பற்றியது. அழிவு வர்ணனைகளைவிட, செத்த மரங்களையும் ஜப்பானியக் கணக்கேடுகளையும் வைத்து 1700-ல் நடந்த நிலநடுக்கத்துக்கு நாள் குறித்த கதைக்காகப் படியுங்கள். 2004-ஐப் பார்த்த நமக்கு ஒரு வித்தியாசம் உறைக்கும். இங்கே கடல் வர இரண்டரை மணி நேரம் இருந்தது, சொல்லத்தான் ஆளில்லை. அங்கே நிலம் நிமிடக்கணக்கில் ஆடி அதுவே எச்சரிக்கை கொடுத்துவிடும், ஓடுவதற்குத்தான் நேரமிருக்காது. சில நாள் கழித்து ஷுல்ஸ் எழுதிய விளக்கத்தையும் சேர்த்தே படியுங்கள், முதல் கட்டுரை கிளப்பும் பீதி அளவோடு நிற்கும். ஜப்பானிய ஏடுகளைக் கண்ணால் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அட்வாட்டர் குழுவின் நூல் இலவசமாகக் கிடைக்கிறது."

எழுபது எண்பது சொல்தான். இதில் கட்டுரையின் சுருக்கம் ஒரே வாக்கியம். எந்தப் பகுதிக்காகப் படிக்க வேண்டும் என்பது அடுத்தது. அதற்குப் பின் வருவதில் பெரும்பகுதி அந்தக் கட்டுரையில் இல்லை. நாள் எப்படிக் கிடைத்தது என்ற விடையைக் குறிப்பு போட்டு உடைக்கவில்லை என்பதையும் கவனியுங்கள். மரம், கணக்கேடு என்று துப்பு மட்டும் கொடுக்கிறது. துப்பறியும் கதை போல நடக்கும் கட்டுரைக்கு இது முக்கியம். வாதக் கட்டுரையாக இருந்தால் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம், அங்கே வாசகர் தேடுவது முடிவை அல்ல, அதற்கு ஆசிரியர் போகும் வழியை.

நல்ல குறிப்புக்கு எத்தனை சொல் என்று கேட்பவர்களுக்கு நான் அளவு சொல்வதில்லை. சொல்ல இருப்பது ஒரு வாக்கியம் என்றால் ஒரு வாக்கியம். ஆனால் நூற்றைம்பதைத் தாண்டினால் அது தனிக் கட்டுரையாகத் துடிக்கிறது என்று பொருள். அதை வெளியே எடுத்துத் தனியாக எழுதிவிடுவது நல்லது. மற்ற நாலு சுட்டிகளையும் அது அமுக்கிவிடும்.

மேற்கோள் விஷயத்தில் ஒரு வழக்கம் பரவலாக இருக்கிறது. கட்டுரையின் மிகச் சிறந்த பத்தியை அப்படியே வெட்டி ஒட்டிவிடுவது. எழுதியவர் அந்தப் பத்திக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் கட்டியிருப்பார். அதைத் தனியே பிய்த்தெடுத்தால் வலு பாதியாகிவிடும், வாசகருக்கும் உள்ளே போக வேறு காரணம் இருக்காது. எழுத்தாளரின் குரல் தெரியும்படியான இரண்டு வாக்கியம் போதும், அது உச்சகட்டமாக இல்லாமல் இருப்பது உத்தமம். சட்டமும் கிட்டத்தட்ட இந்தப் பக்கம்தான் நிற்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-ன் 52-வது பிரிவு, விமர்சனத்துக்காகவும் மதிப்புரைக்காகவும் நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. இத்தனை சொல் வரை என்று கணக்கு எதுவும் சொல்லவில்லை. விமர்சனம் என்று ஏதாவது இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பே என்பதை மறக்கக் கூடாது. நாலு பத்தி மேற்கோளின் கீழ் "அருமை" என்று எழுதுவதை மதிப்புரை என்று வாதிடுவது கடினம். கவிதைக்கு இன்னும் எச்சரிக்கை வேண்டும். ஒரு ஹைக்கூவின் மூன்று வரியை எடுத்தால் முழுப் படைப்பையும் எடுத்தாயிற்று.

இனி வாரம் எப்படி நகர்கிறது என்று பார்க்கலாம். வெள்ளிக்கிழமை இரவு உட்கார்ந்து "இந்த வாரம் என்ன படித்தேன்" என்று யோசிப்பவருக்குக் கடைசி இரண்டு நாளில் படித்ததும் எல்லோரும் பகிர்ந்ததும்தான் நினைவுக்கு வரும். அதனால் படிக்கும்போதே எழுதி வைத்துவிட வேண்டும். சுட்டியை மட்டும் சேமிப்பதில் பயனில்லை. நாலு நாள் கழித்து அதை ஏன் சேமித்தோம் என்பதே மறந்துவிடும். சுட்டியின் பக்கத்திலேயே ஒரு வரி, தந்தி மாதிரி: "ஜப்பான் ஏடு, நாகை ஒப்பீடு, தொடர்ச்சி இருக்கிறதா பார்." வாரக் கடைசியில் எழுதும் குறிப்பின் விதை இந்த வரிதான். இப்படி ஒரு வரிகூட எழுதத் தோன்றாத கட்டுரை, எவ்வளவு நன்றாக இருந்தாலும், நான் கொடுக்க வேண்டியதில்லை. வேறு யாராவது கொடுப்பார்கள்.

சேர்ந்தவற்றில் பாதிக்கு மேல் கழிந்துபோக வேண்டும். கழிப்பதில் இரண்டு இடங்களில் கை நடுங்கும். ஒன்று, அந்த வாரம் எல்லோரும் பேசுகிற கட்டுரை. அதை வாசகர் ஏற்கெனவே நாலு பேரிடமிருந்து பெற்றிருப்பார். ஐந்தாவதாக நாமும் கொடுக்க வேண்டுமானால் மற்ற நால்வர் சொல்லாத ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும். இன்னொன்று நண்பர்கள் எழுதியது. கொடுக்கக் கூடாது என்பதில்லை. நண்பர் என்பதைக் குறிப்பிலேயே சொல்லிவிட்டால் வாசகர் அதற்கேற்ப உப்புப் போட்டுக்கொள்வார். சொல்லாமல் வாரா வாரம் ஒரே வட்டத்தைச் சுற்றிவந்தால் அவருக்கே தெரிந்துவிடும். அப்புறம் நீங்கள் புதிதாக யாரைச் சொன்னாலும் நம்ப மாட்டார்.

நாம் உடன்படாத கட்டுரையைச் சேர்ப்பது தொகுப்புக்கு உரம் தரும். பாராட்டை மட்டுமே படித்து வந்த வாசகருக்கு உங்கள் பாராட்டின் எடை எவ்வளவு என்று தெரியாது. உடன்படாததற்குக் குறிப்பு எழுதும்போது ஒரு கண்டிப்பு தேவை. கட்டுரையாளர் சொல்வதை, அவரே படித்தால் "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று ஒப்புக்கொள்ளும் விதத்தில் முதலில் ஒரு வாக்கியம் எழுதிவிட வேண்டும். எதிர்ப்பு அதற்குப் பிறகு. அதுவும் ஒரே ஒரு எதிர்ப்பு, குறிப்பான இடத்தைத் தொட்டு.

தமிழில் வலைச்சரம் என்ற முயற்சி பல ஆண்டுகள் நடந்தது. வாரத்துக்கு ஒருவர் ஆசிரியராகப் பொறுப்பேற்று, மற்றவர்களின் இணைய எழுத்துகளை அறிமுகப்படுத்துவார். ஆள் மாற மாற ரசனையும் மாறியது. ஒருவர் சமையல் எழுத்தாளர்களைத் தேடிப் பிடித்தால் அடுத்தவர் கவிஞர்களைக் கொண்டுவருவார். அதன் பக்கங்களைப் புரட்டினால் ஒன்று தெரியும். ஒரே நாளில் நிறையப் பேரை ஆளுக்கொரு வரியில் அறிமுகம் செய்த இடங்களில் கண் நிற்பதில்லை. நாலு பேரை எடுத்து, இந்தக் கதையில் இந்த இடம் ஏன் பிடித்தது என்று எழுதியவர்களின் பக்கங்களை இன்றும் படிக்க முடிகிறது. ஆனால் அங்கிருந்து தட்டினால் போக வேண்டிய இடங்கள் சில இன்று இல்லை.

சுட்டிகள் செத்துப்போவது இந்த வகை எழுத்தைப் பிடித்த நோய். பியூ ஆய்வு மையம் 2024-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2013-ல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்தாண்டு கழித்துக் கிடைக்கவில்லை. அதனால்தான் ஆசிரியர் பெயர், கட்டுரைத் தலைப்பு, வெளியான இடம், மாதம் ஆகிய நான்கையும் எழுத்தாகவே குறிப்பில் போட வேண்டும் என்கிறேன். "இங்கே படிக்கலாம்" என்ற சொல்லின் அடியில் சுட்டியை ஒளித்து வைத்தால், சுட்டி செத்த அன்று அந்தப் பதிவும் செத்துவிடும். பெயரும் தலைப்பும் இருந்தால் தேடியாவது பிடிக்கலாம். அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு சுட்டியையும் இன்டர்நெட் ஆர்கைவ் அமைப்பின் `web.archive.org/save` பக்கத்தில் கொடுத்துப் பிரதி எடுத்து வைப்பது நல்ல பழக்கம். எல்லாத் தளங்களும் அதற்கு இடம் கொடுப்பதில்லை, பெரும்பாலானவை கொடுக்கின்றன.

சுட்டியைச் சுத்தம் செய்வதும் சின்ன வேலைதான், ஆனால் தினமும் கண்ணில் படும் அசிங்கம் அது. முகநூலிலிருந்தோ மடலிலிருந்தோ எடுத்த முகவரியின் வாலில் `?utm_source=` என்றோ `?fbclid=` என்றோ நீளமாகத் தொங்கும். யார் வழியாக வந்தார்கள் என்று கண்காணிக்கும் குறி அது. கேள்விக்குறியிலிருந்து வெட்டிவிடலாம். ஆனால் எல்லாக் கேள்விக்குறியையும் வெட்டக் கூடாது. `?p=123` என்பது போல வந்தால் சில தளங்களில் கட்டுரையின் அடையாளமே அந்த எண்தான். வெட்டினால் வாசகர் முகப்புப் பக்கத்தில் போய் நிற்பார். வெட்டிய சுட்டியை ஒருமுறை தட்டிப் பார்த்துவிட்டால் தீர்ந்தது. அதைவிட முக்கியம், கட்டுரை முதலில் வெளியான இடத்துக்குச் சுட்டி கொடுப்பது. வேறொருவர் எடுத்துப் போட்ட பிரதிதான் கையில் இருக்கிறது என்றால், நடுவில் இருந்து தனித்தன்மையான ஆறேழு சொற்களை எடுத்து மேற்கோள் குறிக்குள் வைத்துத் தேடினால் பெரும்பாலும் மூலம் அகப்படும். "படித்ததில் பிடித்தது" ரகத்தில் காணாமல் போன பெயர்களில் பல இப்படித் திரும்பக் கிடைத்துவிடும். தேடியும் கிடைக்கவில்லை என்றால் அந்தக் கட்டுரையைக் கொடுக்காமல் விட்டுவிடுவேன்.

யார் மூலம் அந்தக் கட்டுரை நமக்குக் கிடைத்தது என்று சொல்ல வேண்டுமா? 2012-ல் மரியா போப்போவா இதற்கென்றே இரண்டு குறியீடுகளைப் பரிந்துரைத்தார். பெரிய விவாதம் நடந்தது, குறியீடுகள் ஒட்டவில்லை. "இன்னார் வழியாக" என்று இரண்டு சொல் எழுதினால் போதும் என்று பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டார்கள். நன்றி சொல்வது ஒரு பக்கம் இருக்க, அந்த இரண்டு சொல் வாசகருக்கு இன்னொரு நல்ல தொகுப்பாளரைக் காட்டிக்கொடுக்கிறது.

வரிசை பற்றியும் சொல்லிவிடுகிறேன். நீளமானதை முதலில் வைத்தால் அதைப் படிக்கப் போனவர் திரும்பி வர மாட்டார். ஐந்து நிமிடத்தில் முடிகிற ஒன்றை முதலில் வைத்து, அரை மணி நேரக் கட்டுரையை மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வைப்பது என் வழக்கம். ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரண்டு கட்டுரைகள் கிடைக்கும் வாரம் அபூர்வம். கிடைத்தால் அடுத்தடுத்து வைத்து, எந்த இடத்தில் மோதுகின்றன என்று ஒரு வரி எழுதினால் போதும். அந்த ஒரு வரியை இரண்டு கட்டுரையாளர்களில் எவரும் எழுதியிருக்க முடியாது.

ஒன்றும் சரியாக அமையாத வாரங்களும் வரும். ஐந்து தருவதாகச் சொல்லியிருக்கிறோமே என்று மூன்று நல்லதோடு இரண்டு சுமாரானதைச் சேர்ப்பவர்கள் உண்டு. வாசகர் முதலில் தட்டுவது அந்தச் சுமாரானதாக அமைந்துவிட்டால் மீதி மூன்றையும் அவர் பார்க்கப் போவதில்லை. இரண்டே கிடைத்தால் இரண்டை அனுப்பலாம். அல்லது பழையதில் ஒன்றை எடுக்கலாம். ஷுல்ஸ் கட்டுரை பத்தாண்டு பழையது, டிசம்பர் கடைசி வாரத்தில் கடற்கரை ஊர் வாசகர் ஒருவருக்கு அது புதியதாகத்தான் இருக்கும்.